7ஏயில் சறுக்கிய பாகைமானிப் பாடம்: 7பிக்கு எதை மாற்றுவது?

உவர்மலை_கணக்கு | செவ்வாய், இரவு 8.10

வணக்கம். நான் திருகோணமலையில் தரம் 7 கணிதம் படிப்பிக்கிறேன், ஆசிரியராகி இரண்டாவது வருடம். இன்று 7ஏயில் பாகைமானியால் கோணம் அளக்கும் பாடம். இதே பாடத்தை வியாழக்கிழமை 7பியில் செய்ய வேண்டும். இடையில் ஒரு நாள் இருக்கிறது, திட்டத்தைத் திருத்திக்கொண்டு போகலாம் என்று பார்க்கிறேன்.

40 நிமிடத்தை இப்படிப் பிரித்திருந்தேன். செங்கோணத்தை அளந்து காட்டி அறிமுகம் 5 நிமிடம். டிமை பேப்பரில் ‘எங்கள் ஊரில் கோணங்கள்’ குழு வேலை 12 நிமிடம். கரும்பலகையில் பெரிய மரப் பாகைமானியால் நான் செய்து காட்டுவது 8. கொப்பியில் பயிற்சி 10. கடைசி 5 நிமிடத்தில் அரைத்தாளில் மூன்று கோணம் அளந்து எழுதித் தருவார்கள்.

குழு வேலை 17 நிமிடத்தை விழுங்கிவிட்டது. வள்ளத்தின் அணியம், கோட்டை வாசல் என்று நல்லாய்த்தான் வரைந்தார்கள். ஆனால் பயிற்சிக்கு 5 நிமிடம்தான் மிஞ்சியது. அரைத்தாளில் மூன்றையும் சரியாக எழுதியவர்கள் 32 பேரில் 14 பேர்.

பாடக்குறிப்பின் கடைசிக் கட்டத்தில் நான் எழுதிய மீள்நோக்கு இதுதான்:

“பாடம் திருப்தியாக நடந்தது. மாணவர் ஆர்வமாகப் பங்குபற்றினர். நேரம் போதவில்லை. அடுத்த முறை கூடுதல் பயிற்சி வழங்க வேண்டும்.”

இதை வைத்து வியாழனுக்கு எதை மாற்றுவது? குழு வேலையைக் குறைத்துப் பயிற்சியைக் கூட்டினால் போதுமா?

---

சாம்பல்தீவு_பாலா | செவ்வாய், இரவு 8.35

தம்பி, குழு வேலையைத் தூக்கிவிடும். நானும் அந்த வயதில் டிமை பேப்பர், கலர் பேனை என்று ஓடித் திரிந்தவன்தான். கோணம் அளப்பது கைப்பழக்கம், பத்துக் கோணம் அளந்தால் தானாக வரும்.

இன்னொன்று. பிள்ளைகள் பிழைவிடுவது இரண்டு அளவு வரிசை இருப்பதால். “எப்போதும் உள் வரிசையைப் பார்” என்று ஒரே விதியாகச் சொல்லிவிடும். பிரச்சினை முடிந்தது.

---

பயிற்சி_ஆசிரியை | செவ்வாய், இரவு 8.50

நான் கல்வியியற் கல்லூரியில் உள்ளகப் பயிற்சியில் இருக்கிறேன். மீள்நோக்கு எத்தனை வரி எழுதினால் நல்லது? எங்களைப் பார்க்க வருபவர் போன தடவை “இது குறைவு” என்று சொன்னார். அண்ணாவின் நாலு வரியை நான் எடுத்து எழுதலாமா?

---

பழைய_ஆலோசகர் | செவ்வாய், இரவு 9.20

தங்கச்சி, எடுத்து எழுதுங்கள். உங்களுடைய பாடம் தமிழாக இருந்தாலும் சமயமாக இருந்தாலும் அது பொருந்தும். அந்த நாலு வரியின் குறையும் அதுதான். கோணம் என்ற சொல்லே அதில் இல்லை. தம்பி கோபிக்க வேண்டாம், ஆசிரிய ஆலோசகராக இருந்த காலத்தில் இதே நாலு வரியில் எத்தனையோ கொப்பிகளுக்கு நானே கையெழுத்து வைத்திருக்கிறேன்.

உவர்மலைத் தம்பிக்கு: அந்த 32 அரைத்தாளும் கையில் இருக்கிறதா? 14 பேர் சரி என்பதை விடுங்கள். மற்ற 18 பேரும் என்ன எண்ணை எழுதினார்கள்? கேட்ட கோணங்களையும், அவை எந்தப் பக்கம் திறந்திருந்தன என்பதையும் சேர்த்துப் போடுங்கள். பயிற்சி கூட்டுவதா குறைப்பதா என்பது அதற்குப் பிறகு. வெளி வரிசையைப் பார்த்து வாசிக்கும் பிள்ளைக்குப் பத்துக் கணக்குக் கொடுத்தால், பத்தையும் வெளி வரிசையிலேயே வாசித்துப் பழகிவிடும்.

---

உவர்மலை_கணக்கு | செவ்வாய், இரவு 10.45

சேர், மேசையில் பரப்பி வைத்து எண்ணினேன். நல்ல வேளை, இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.

முதலாவது 90 பாகை. 30 பேர் சரி, இரண்டு பேர் வெறுமையாக விட்டிருக்கிறார்கள்.

இரண்டாவது 50 பாகை, அடிப்புயம் இடப்பக்கம் போகிறது. ஒன்று இரண்டு பாகை கூடக் குறைய இருப்பவர்களையும் சேர்த்து 16 பேர் சரி. 10 பேர் 130 என்று எழுதியிருக்கிறார்கள். 5 பேர் 45, 46. ஒருவர் 80.

மூன்றாவது 140 பாகை, வலப்பக்கம் திறந்தது. 19 பேர் சரி. 6 பேர் 40. 5 பேர் 144, 145. இரண்டு பேர் வேறு ஏதோ.

130 எழுதியது வரிசை மாறி வாசித்ததால் என்று விளங்குகிறது. 46க்குக் காரணம் தெரியவில்லை. கவனக்குறைவு என்று நினைக்கிறேன்.

---

சாம்பல்தீவு_பாலா | செவ்வாய், இரவு 10.58

நான் சொன்னதுதானே, வரிசைப் பிரச்சினை. உள் வரிசை!

---

பழைய_ஆலோசகர் | புதன், காலை 5.40

பாலா சேர், பிழை வரிசையில்தான் என்று பிடித்தது சரி. மருந்துதான் சரியில்லை. வழக்கமான பாகைமானியில் உள் வரிசையின் பூச்சியம் வலப்பக்கம் இருக்கும். வலப்பக்கம் திறந்த 140க்கு உங்கள் விதி வேலை செய்யும், அந்த 6 பேரும் தப்பிவிடுவார்கள். இடப்பக்கம் திறந்த 50ஐ உள் வரிசையில் வாசித்தால் 130தான் வரும். நேற்று 10 பேர் விட்ட பிழையை 32 பேருக்கும் சட்டமாக்கிக் கொடுத்ததாகிவிடும். விதி சொல்வதென்றால் இதைச் சொல்லலாம்: அடிப்புயம் எந்தப் பூச்சியத்தின் மேல் கிடக்கிறதோ, அந்தப் பூச்சியத்தில் இருந்து எண்ணிக்கொண்டு போ.

தம்பி, இரண்டு கேள்வி. கரும்பலகையில் செய்து காட்டியபோது அடிப்புயத்தை எந்தப் பக்கம் வரைந்தீர்கள்? 46 எழுதிய ஐந்து பேரும்தான் 144, 145 எழுதினார்களா? அவர்களுடைய பாகைமானியை வாங்கிப் பாருங்கள்.

---

கிண்ணியா_ஆரம்பப்பிரிவு | புதன், காலை 6.15

நான் தரம் 3 படிப்பிக்கிறேன், பாகைமானி எங்கள் பக்கம் வராது. என்றாலும் ஒன்று சொல்கிறேன். மீள்நோக்கை வீட்டுக்குப் போய் எழுதினால் எனக்கு எல்லாமே “நல்லாய் நடந்தது” என்றுதான் ஞாபகம் வரும். இப்போது பள்ளி விட்டு பஸ்ஸில் ஏறி, பாலம் தாண்டுவதற்குள் எழுதிவிடுவேன். யார் என்ன சொன்னது என்பதை அப்படியே. போன மாதம் கழித்தல் பாடத்தில் ஒரு மகள் “ரீச்சர், கடன் வாங்கினால் எப்ப திருப்பிக் கொடுப்பது?” என்று கேட்டா. அதை மட்டும் எழுதி வைத்தேன். அடுத்த தடவை ‘கடன்’ என்ற சொல்லையே விட்டுவிட்டுப் பத்தை உடைப்பது என்று சொன்னேன். முழுத் திட்டத்திலும் மாற்றியது அந்த ஒரு சொல்தான்.

---

உவர்மலை_கணக்கு | புதன், மாலை 4.30

சேர், இன்று இடைவேளையில் 7ஏக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

கரும்பலகையை நேற்று போனில் படம் எடுத்திருந்தேன். நாலு கோணம் வரைந்திருக்கிறேன், நாலும் வலப்பக்கம் திறந்தவை. எனக்கே தெரியாது. மரப் பாகைமானியை இடக்கையால் பிடித்து வலக்கையால் வரைவது வசதி, அவ்வளவுதான்.

46 எழுதிய ஐந்து பேரில் நாலு பேர்தான் 144, 145 எழுதியவர்கள். நாலு பேரிடமும் ஒரே மாதிரிப் பாகைமானி, கடைகளில் பெட்டியோடு விற்பது. பூச்சியக் கோட்டுக்குக் கீழே 5 மில்லிமீற்றர் வெறும் பிளாஸ்டிக் விளிம்பு. ஒரு பிள்ளையை அளந்து காட்டச் சொன்னேன். பூச்சியக் கோட்டை விட்டுவிட்டு, விளிம்பைக் கொண்டுபோய் அடிப்புயத்தின் மேல் வைத்தா. அடிமட்டத்தை வைப்பது போல. அவவிடம் கவனக்குறைவு எதுவும் இல்லை. மிகக் கவனமாகப் பிழையாக வைத்தா.

---

பழைய_ஆலோசகர் | புதன், மாலை 6.05

இந்தப் படத்தைத்தான் எதிர்பார்த்தேன்.

விளிம்பை வைத்தால் பாகைமானியின் மையம் உச்சியில் இருக்காது, 5 மில்லிமீற்றர் மேலே போய்விடும். அளவு வட்டத்தின் ஆரை நாலரைச் சென்ரிமீற்றர் அளவில் இருக்கும் சிறிய பாகைமானியில், 50 பாகையை வாசித்தால் ஏறக்குறைய 4 பாகை குறைந்து 46 வரும். 140ஐ வாசித்தால் ஏறக்குறைய 5 பாகை கூடி 145 வரும். கூர்ங்கோணம் குறையும், விரிகோணம் கூடும். ஒரு பிள்ளையின் தாளில் இந்த இரண்டும் சேர்ந்திருந்தால் கை நடுங்கியது என்று நினைக்காதீர்கள், பாகைமானியை வைத்த இடம் பிழை.

இனி 90ஐப் பாருங்கள். அங்கே மையம் நேர் மேலே நகர்வதால் வாசிப்பு அசையாது, 90தான் வரும். வரிசை மாறி வாசித்தாலும் 90, இரண்டு வரிசையும் சந்திப்பதே அங்கேதான். ஆக, இரண்டு பிழையையும் ஒரே அடியாக மறைக்கும் கோணம் ஒன்று உண்டென்றால் அது செங்கோணம். அதை வைத்துத்தான் பாடத்தைத் தொடங்கினீர்கள். 30 பேர் சரியாக எழுதினார்கள், நீங்களும் “திருப்தியாக நடந்தது” என்று எழுதினீர்கள்.

இப்போது குறிப்பை மாற்றி எழுதுங்கள். கடைசிக் கட்டத்தில் எழுத வேண்டாம், திட்டத்தில் எந்தப் படியில் நடந்ததோ அந்தப் படிக்கு நேரே, ஓரத்தில் சிவப்பால் எழுதுங்கள். அறிமுகத்துக்கு எதிரே: ‘90 எதையும் காட்டவில்லை.’ செய்துகாட்டலுக்கு எதிரே: ‘நாலும் வலப்பக்கம், இடப்பக்கம் திறந்ததில் 10 பேர் 130.’ பிறகு பாருங்கள், எதை மாற்றுவது என்று யாரிடமும் கேட்கத் தேவைப்படாது.

---

சாம்பல்தீவு_பாலா | புதன், மாலை 6.40

சரி, உள் வரிசை விதியை வாபஸ் வாங்குகிறேன். பதினைந்து வருடமாகச் சொல்லிக்கொண்டு வந்தேன் என்பதைத்தான் யோசிக்கிறேன்.

ஆனால் 90ஐ எடுப்பதற்கு நான் சம்மதமில்லை. மெல்லக் கற்கும் பிள்ளைக்கு முதல் கணக்கு சரி வர வேண்டும். முதல் அடியே சறுக்கினால் பெட்டியை மூடி வைத்துவிட்டு ஜன்னலால் பார்க்கத் தொடங்கிவிடும்.

---

பழைய_ஆலோசகர் | புதன், இரவு 7.15

அது நியாயமான கவலை. அளக்காமல் பார்த்துச் சொல்லும் கோணமாக 90ஐ வைத்துக்கொள்ளலாம். கடதாசியை இரண்டு தரம் மடித்தால் மூலை கிடைக்கும். ஒவ்வொரு கோணத்திலும் அந்த மூலையை வைத்துப் பார்த்து, ‘கூர்’ அல்லது ‘விரி’ என்று அளப்பதற்கு முதலே எழுத வேண்டும். ‘கூர்’ என்று எழுதிய பிள்ளை பக்கத்திலேயே 130 என்று எழுதினால், அதுவே நின்று யோசிக்கும்.

---

உவர்மலை_கணக்கு | புதன், இரவு 9.30

வியாழனுக்குச் செய்த மாற்றம் இது.

முதல் 5 நிமிடம் கடதாசி மடித்து மூலை செய்வது. அளப்பதற்கு முதல் கோணமாக இடப்பக்கம் திறந்த 50. செய்துகாட்டல் 15 நிமிடம், நாலில் இரண்டு இடப்பக்கம். பயிற்சி 15 நிமிடம், ஒவ்வொன்றிலும் ‘கூர்’ அல்லது ‘விரி’ முதலில். கடைசியில் அதே அரைத்தாள், அதே மூன்று கோணம்.

குழு வேலையைத் தூக்க மனமில்லை. ஆனால் அதில் ஒரு பிள்ளையும் பாகைமானியைத் தொடவில்லை என்பது உண்மை. அடுத்த பாடத்துக்குத் தள்ளியிருக்கிறேன். வரைந்த வள்ளத்தின் கோணத்தை அன்று அளக்கலாம்.

பூச்சியக் கோட்டைப் பற்றி வாயால் சொல்லி விடுவேன்.

---

பயிற்சி_ஆசிரியை | புதன், இரவு 9.50

திட்டத்தில் சிவப்பால் கிறுக்கினால் பார்க்க வருபவர்கள் ஏச மாட்டார்களா? எங்களுக்கு வெட்டுக்கொத்து இல்லாமல் இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். ஆங்கில ‘E’ எழுத்தில் தொடங்கும் ஐந்து கற்பித்தல் படிகள், அந்த ஐந்து ‘ஈ’ படிகளும் ஒழுங்காக இருக்க வேண்டுமாம்.

---

பழைய_ஆலோசகர் | புதன், இரவு 10.10

2007இல் 6ஆம், 10ஆம் தரங்களுக்குப் புதிய பாடத்திட்டத்தோடு ஐந்து ‘ஈ’ வந்தபோது நானும் படிகளைத்தான் எண்ணினேன். ஏசுபவர்கள் இருப்பார்கள் தங்கச்சி, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். பயிற்சிக் காலத்தில் சுத்தப் பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள், கிறுக்கிய பிரதியை அதற்குப் பின்னால் சொருகி வையுங்கள். கேட்டால் காட்டலாம்.

---

உவர்மலை_கணக்கு | வியாழன், மாலை 5.20

7பி முடிந்தது. 30 பேர் வந்திருந்தார்கள்.

இடப்பக்கம் திறந்த 50இல் 23 பேர் சரி. 130 எழுதியவர்கள் 2 பேர்தான். ஒருவர் வெறுமை. 45, 46 எழுதியவர்கள் 4 பேர். அதாவது வரிசைப் பிழை நன்றாகக் குறைந்துவிட்டது, விளிம்புப் பிழை அப்படியே நிற்கிறது. வாயால் சொன்னது காற்றோடு போய்விட்டது.

ஒரு பையன் 50க்குப் பக்கத்தில் ‘கூர்’ என்று எழுதிவிட்டு 130 என்று வாசித்தான். பிறகு கடதாசி மூலையை இரண்டாம் தரம் வைத்துப் பார்த்தான், பாகைமானியை ஒருதரம் முறைத்துப் பார்த்துவிட்டு 130ஐ வெட்டினான். நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை. இன்னொரு பிள்ளை, இது இடப்பக்கம் திறந்திருப்பதால் ‘இடக்கோணமா’ என்று கேட்டா. அதையும் ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறேன். என்ன செய்வது என்று இன்னும் தெரியவில்லை.

புதுப் பிழை ஒன்றும் வந்தது. பின்வரிசையில் மூன்று பேர் அளந்து முடித்துவிட்டு, எண்ணைப் பார்த்துக் ‘கூர்’, ‘விரி’ எழுதினார்கள். 130 என்று வாசித்துவிட்டு ‘விரி’ என்று எழுதினால் எல்லாம் பொருத்தமாகத்தானே இருக்கும். 130 எழுதிய இரண்டு பேரும் அந்த மூவரில்தான் இருக்கிறார்கள்.

---

சாம்பல்தீவு_பாலா | வியாழன், மாலை 6.00

பாராட்டுகள் தம்பி. 10 பேர் 2 ஆகிவிட்டார்கள்.

---

கிண்ணியா_ஆரம்பப்பிரிவு | வியாழன், மாலை 6.20

தம்பி, 7பிக்குக் கணிதம் எத்தனையாம் பாடவேளை?

---

உவர்மலை_கணக்கு | வியாழன், மாலை 6.30

முதலாம் பாடவேளை. 7ஏக்கு இடைவேளைக்கு அடுத்தது. தகரக் கூரை, வெயில். போதாததற்குச் செவ்வாய் அன்று மைதானத்துக்குள் நாலு மான் வந்து நின்றது. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் மானைத் திரும்பிப் பார்க்கமாட்டார்கள், அது தெரியும். ஆனால் ஒரு மான் யாருடைய சாப்பாட்டுப் பையையோ வாயில் கவ்விக்கொண்டு போனது.

---

கிண்ணியா_ஆரம்பப்பிரிவு | வியாழன், மாலை 6.45

அதுதான் கேட்டேன். காலைப் பிள்ளைகள் வேறு, இடைவேளைக்குப் பிறகு வரும் பிள்ளைகள் வேறு. அதே பிள்ளைகளாக இருந்தாலும் வேறுதான். 10ஐ 2 ஆக்கியது உங்கள் மாற்றமா, விடிந்த வேளையா?

---

பழைய_ஆலோசகர் | வியாழன், இரவு 8.00

நல்ல கேள்வி, முழுதாகப் பதில் சொல்ல முடியாது. ஒன்று மட்டும் பார்க்கலாம். காலை நேரத்தால்தான் எல்லாம் கூடியது என்றால் 46 எழுதியவர்களும் குறைந்திருக்க வேண்டும். 32இல் 5 பேர், 30இல் 4 பேர், அது அசையவில்லை. மாற்றிய இடத்தில் குறைந்திருக்கிறது, மாற்றாத இடத்தில் நிற்கிறது. அதனால் மாற்றத்துக்குப் பங்கு இருக்கிறது என்று நினைக்கிறேன். எவ்வளவு பங்கு என்று சொல்ல 32 தாளும் 30 தாளும் போதாது. முதலாம் பாடவேளையில் விளிம்புப் பிழை மட்டும் ஏன் குறையாமல் இருக்கக்கூடாது என்று ஒருவர் கேட்டால், என்னிடம் மறுமொழி இல்லை.

---

சாம்பல்தீவு_பாலா | வியாழன், இரவு 8.25

விளிம்புக்கு நான் ஒன்று சொல்கிறேன், இது பிழைக்காது என்று நினைக்கிறேன். பாகைமானியில் பூச்சியக் கோட்டின் மேலும் மையப் புள்ளியிலும் சிவப்பு மார்க்கரால் கீறச் சொல்லும். சிவப்பு புயத்தின் மேல், புள்ளி உச்சியின் மேல். விளக்கமே தேவையில்லை.

---

பழைய_ஆலோசகர் | வியாழன், இரவு 8.40

பாலா சேர், இதை எழுதி வைக்கிறேன். பின்பக்கத்தில் கீறச் சொல்லுங்கள், கோடு பேப்பரோடு ஒட்டிக் கிடக்கும்.

---

உவர்மலை_கணக்கு | வியாழன், இரவு 9.15

நாளை 7ஏயில் பத்து நிமிடம் எடுத்துத் திருப்பிச் செய்யப்போகிறேன். சிவப்புக் கோடு, கடதாசி மூலை, இரண்டே கோணம்: இடப்பக்கம் திறந்த 35, வலப்பக்கம் திறந்த 125. ‘கூர்’, ‘விரி’ எழுதிய பிறகுதான் பாகைமானியைப் பெட்டியில் இருந்து எடுக்கலாம். அந்தப் பின்வரிசைத் தந்திரத்துக்கு இதுதான் மருந்தென்று படுகிறது, சரி வருமோ தெரியாது.

7பியின் பழைய மீள்நோக்குக் கட்டத்தில் இன்று எழுதியது இவ்வளவுதான்: “130: 10இல் இருந்து 2. 46: 5இல் இருந்து 4. பூச்சியக் கோட்டைச் சொன்னேன், காட்டவில்லை. மூவர் அளந்த பிறகு கூர், விரி எழுதினர்.”

நாளையும் 7ஏக்கு இடைவேளைக்குப் பிறகுதான். சாப்பாட்டுப் பைகளை உள்ளே எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.